அறிக்கையை வாசிக்காதீர்கள், சொல்லுங்கள்

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு விவசாயிகள் கூட்டத்தில் அறிக்கைச் சுருக்கத்தை எழுதியபடியே வாசித்தேன்: "மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-ல் திறக்கப்படாததாலும், வாய்க்கால்கள் தூர்வாரப்படாததாலும் கடைமடையில் குறுவைப் பரப்பு குறைந்து, சம்பா விதைப்பும் தள்ளிப்போனது." முன்வரிசைப் பெரியவர் கேட்டார், "குறுவை கூடுச்சா குறைஞ்சுச்சா தம்பி?"

தமிழில் வினை கடைசியில்தான் வரும், அதுவரை கேட்பவர் எல்லாவற்றையும் மனதில் சுமக்க வேண்டும், படிப்பவரைப் போலத் திரும்பிப் போய்ப் பார்க்கவும் முடியாது. அதனால் இப்போது முடிவை முன்னால் வைத்து உடைக்கிறேன்:

"முதல்ல குறுவை. கடைமடையில பரப்பு குறைஞ்சிருச்சு. ரெண்டு காரணம். ஒண்ணு, ஜூன் 12-ல அணை திறக்கலை. ரெண்டாவது, வாய்க்கால் தூர்வாரலை. சரி, அடுத்து சம்பா. விதைப்பு தள்ளிப்போச்சு."

"ரெண்டு காரணம்" என்று சொல்லிவிட்டு மூன்றாவதை நுழைத்தால் கேட்பவர் குழம்பிப்போவார். அப்புறம் "மேற்கண்ட", "பின்வரும்" எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள், காதுக்கு ஏது மேலும் கீழும்? பெயரையே திரும்பச் சொல்லலாம். 1,983 ஏக்கர் என்று இருந்தால் "கிட்டத்தட்ட 2,000" போதும், சரியான எண் தாளில் இருக்கட்டும். கடைசியாக ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் மூச்சு வாங்கினால் அங்கேயே வாக்கியத்தை வெட்டுங்கள்.