குரல்வளை எடுத்த பிறகு மூக்கால் ஆவி பிடித்துப் பயனில்லை

அப்பாவுக்குக் குரல்வளைப் புற்றுநோய் வந்து, குரல்வளையை முழுதாக எடுத்த பிறகு, நாங்கள் செய்த முதல் பெரிய தவறு ஒரு சட்டி வெந்நீரில் நடந்தது. ஆடி மாதம். களுவாஞ்சிக்குடிப் பக்கம் கச்சான் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்தது. அப்பா பகல் முழுக்க வயல் வேலையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். இரவானதும் மூச்சில் விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. சளி கட்டியிருக்கிறது என்று நினைத்தோம். மாமி சட்டியைக் கொண்டுவந்து, "போர்வையால மூடிக்கிட்டு நல்லா ஆவி புடிக்கச் சொல்லு மனே" என்றார். அப்பாவும் பத்து நிமிடம் குனிந்திருந்தார். முகம் வியர்த்ததே தவிர, சத்தம் கூடித்தான் போனது.

ஏன் என்று இப்போது தெரியும். முழுக் குரல்வளையையும் எடுக்கும்போது மூச்சுக்குழாயின் மேல்முனையை வெட்டி, கழுத்தின் முன்பக்கத் தோலோடு சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். அதன் பிறகு வாயும் மூக்கும் உணவுக்குழாயோடு மட்டும்தான் சேர்ந்திருக்கின்றன. முகத்தில் பட்ட ஆவி ஒரு துளிகூட நுரையீரலுக்குப் போகாது. கழுத்தில் வேறு காரணத்துக்காகக் குழாய் வைத்திருப்பவர்கள் பலருக்கு மூக்கு வழியும் கொஞ்சம் திறந்திருக்கும். அப்பா மாதிரியானவர்களுக்கு அந்த வழியே கிடையாது. அவருக்குக் கழுத்துத் துவாரம் ஒன்றுதான் வழி.

அன்றிரவு ஓட்டோவில் ஒரு வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். அங்கேயும் ஒருவர் அவசரத்தில் ஒட்சிசன் மாஸ்க்கை அப்பாவின் மூக்கிலும் வாயிலும் மாட்டினார். அப்பா கையால் கழுத்தைக் காட்டிக் காட்டிப் பார்த்தார். குரல் இல்லாததால், அந்தரத்தில் கையை ஆட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். மூத்த தாதி ஒருவர் வந்து பார்த்தவுடன் மாஸ்க்கைக் கழற்றிக் கழுத்துத் துவாரத்தின் மேல் வைத்தார். துவாரத்துக்குள் சேலைன் கொஞ்சம் விட்டு, குழாயால் உறிஞ்சினார். காய்ந்த பலாப்பால் மாதிரிப் பழுப்பாய், சுண்டுவிரல் நகமளவு ஒரு கட்டி வந்தது. விசில் சத்தம் நின்றது.

அதற்குப் பிறகு நாங்கள் ஓர் அட்டை எழுதினோம். "நான் கழுத்தால் மட்டுமே மூச்சு விடுகிறேன். ஒட்சிசனைக் கழுத்தில் வையுங்கள். மூச்சு நின்றால் கழுத்துத் துவாரத்தால் ஊதுங்கள்" என்று தமிழிலும் சிங்களத்திலும். ஒன்று அப்பாவின் பர்சில், ஒன்று மோட்டார் சைக்கிளில், ஒன்று வீட்டுக் கதவுக்குப் பின்னால். 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழைக்கும்போதும் முகவரியோடு சேர்த்து இதையும் முதலில் சொல்லிவிட வேண்டும். நோயாளியே அழைத்துச் சொல்வார் என்று இருந்துவிடாதீர்கள்.

சரி, கட்டி ஏன் உண்டானது? மூக்கு சும்மா ஒரு துளை அல்ல. உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியைப் பிடித்துவைப்பது அதுதான். அந்த வேலை நின்றதும், கச்சான் காற்று அப்படியே மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது. சளி காய்கிறது, சுவரில் ஒட்டுகிறது, அடுத்த சளி அதன் மேல் படிகிறது. சூடடிக்கும் தூசியும் வீட்டு அடுப்புப் புகையும் சேர்ந்தால் இன்னும் மோசம். நிறையத் தண்ணீர் குடித்தால் சளி இளகும் என்பது உண்மைதான். ஆனால் குடிக்கிற தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போகாது. அங்கே உள்ளே போகிற காற்றைத்தான் ஈரமாக்க வேண்டும்.

துவாரத்தின் மேல் பொருத்தும் ஈரப்பதம் காக்கும் வடிகட்டி கிடைத்தால் அதுவே நல்லது. மூச்சு வெளியே வரும்போது உள்ள ஈரத்தைப் பிடித்து, அடுத்த மூச்சுக்குத் திருப்பித் தரும். விலை அதிகம் என்று அதைக் கழுவிக் கழுவிப் பாவிக்கிறார்கள். கழுவினால் ஈரம் பிடிக்கும் பூச்சு போய்விடும். வெறும் பஞ்சுதான் மிஞ்சும். பொதுவாக ஒன்றை ஒரு நாளுக்கு மேல் வைப்பதில்லை. அதை வாங்க முடியாத நாளில், நூல் உதிராத மெல்லிய பருத்தித் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, துவாரத்தின் முன்னால் தொங்கவிடுங்கள். காய்ந்ததும் மறுபடி நனையுங்கள். மேசைக் காற்றாடி கழுத்தை நேராகப் பார்க்கக் கூடாது.

சேலைன் விடுவதற்கு மருந்துக் கடையில் விற்கும் சின்ன பிளாஸ்ரிக் குப்பிகளைத்தான் பாவிக்கிறோம். கிணற்று நீரில் உப்புக் கரைத்து விடுவதில்லை. அப்பாவுக்கு வைத்தியர் சொன்ன அளவு ஒரு தடவைக்கு 2 அல்லது 3 மில்லிலீற்றர். உள்ளே விட்டவுடன் இருமல் வரும். அதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்த வேண்டாம், அந்த இருமல்தான் சளியைக் கிளப்புகிறது. துவாரத்தின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியும் பொருக்கை நனைத்து இளகவைத்த பிறகே மழுங்கிய முனையுள்ள சாமணத்தால் எடுக்கலாம். காய்ந்திருக்கும்போது பிடுங்கினால் இரத்தம் வரும். காதுக் குச்சி, ரிஷூ எதையும் உள்ளே விடாதீர்கள், பஞ்சும் நாரும் உள்ளேயே தங்கிவிடும். விக்ஸ், தேங்காயெண்ணெய், பவுடர் மூன்றும் துவாரத்தின் கிட்டவே வரக் கூடாது.

சேலைன் விட்டு இருமியும் விசில் சத்தம் போகவில்லை, மூச்சிழுக்கும்போது விலா இடுக்குகள் உள்ளே குழிகின்றன, ஆள் இருப்புக்கொள்ளாமல் தவிக்கிறார் என்றால் காலைவரை பார்ப்போம் என்று இருக்காதீர்கள், உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். சளியில் மெல்லிய இரத்தக் கோடு காய்வதால் வரலாம். சிவந்த இரத்தம் வடிந்தால் அதற்கும் உடனே போக வேண்டும்.

குளிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிணற்றடியில் தலையோடு வாளியைக் கவிழ்க்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். தோளுக்குக் கீழே கோப்பையால் ஊற்றி, தலையை மட்டும் முன்னால் குனிந்து தனியாகக் கழுவலாம். வாவியிலும் கடலிலும் இறங்கவே கூடாது. முழங்கால் ஆழத்தில் வழுக்கி விழுந்தாலும் தண்ணீர் நேரே நுரையீரலுக்குள் போகும்.

அப்புறம் குரல். அப்பா பேசுவது கழுத்தில் வைத்து அதிரவைக்கும் மின்கருவியால். தொடக்கத்தில் எல்லாரும் செய்வதை அவரும் செய்தார்: பழைய பழக்கத்தில் மூச்சைத் தள்ளித் தள்ளிப் பேசுவது. அந்தக் கருவிக்கு மூச்சே தேவையில்லை. தள்ளிய காற்று துவாரத்தால் 'புஸ்' என்று வந்து சொற்களை மூடிவிடுகிறது. மூச்சைத் தன்பாட்டில் விட்டு, வாயையும் நாக்கையும் பெரிதாக அசைத்து, மூன்று நான்கு சொற்களாகப் பேசியபோதுதான் தெளிந்தது. கருவியை எங்கே வைப்பது என்பதும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது. கதிர்வீச்சு கொடுத்த இடம் இறுகிக் கிடந்தால் அதிர்வு உள்ளே போகாது, வெளியே இரைச்சல்தான் கேட்கும். அப்பாவுக்கு நாடிக்குக் கீழே இடப்பக்கம், மிருதுவான ஓர் இடம் சரிவந்தது. அது கிடைக்காதவர்கள் கன்னத்தில் வைத்தும் பேசுகிறார்கள். வாக்கியம் முடிந்ததும் பொத்தானிலிருந்து விரலை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இரைச்சல் வால் மாதிரி நீளும்.

மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் பேச்சு வால்வு வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். தேநீர் குடிக்கும்போதெல்லாம் இருமல் வந்தால் அதைச் சளி என்று விட்டுவிடாதீர்கள். வால்வு ஒழுகக்கூடும். அதைக் கிளினிக்கில் காட்டி மாற்ற வேண்டும்.

பேச்சு விடயத்தில் நாங்கள் செய்த தவறு, அப்பா வாயைத் திறக்கும் முன்பே அவர் வாக்கியத்தை நாங்கள் முடித்துவிட்டதுதான். அவர் கருவியை எடுப்பதையே குறைத்துவிட்டார். இப்போது அவர் கருவியைக் கையில் எடுத்தால் தங்கச்சி எழுந்துபோய்க் காற்றாடியையும் டிவியையும் நிறுத்துகிறாள். எல்லாரும் அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நேற்று அவர் அப்படிச் சொன்னது, குளத்தைத் திறந்துவிட்டார்களாம், வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதாம்.