உருவகமா, உருவகக் கதையா? பிரிச்சறிய ஒரு சின்ன வழி

ஏஎல் தமிழ் படிக்கிற பிள்ளையள் கன பேர் இது ரெண்டையும் போட்டுக் குழப்புறவை. இந்தக் கதையைப் பாருங்கோ.

குளத்தடிக் கச்சான் தோட்டத்தை யானை வந்து மிதிச்சுப் போடும் எண்ட பயத்தில, மயிலும் முயலும் சேர்ந்து ஒரு காட்டுப்பண்டியைக் காவலுக்கு வைச்சதுகள், அந்த வருசம் யானை வரவே இல்லை, ஆனா கச்சான் பிடுங்கப் போகேக்க ஒரு செடியும் மிச்சமில்லை, முழுக்கப் பண்டி கிண்டித் திண்டிட்டுது.

இப்ப ஊர்ச் சங்கத்துப் பொருளாளரைப் பார்த்து "அவர் ஒரு காட்டுப்பண்டி" எண்டால் அது உருவகம். ஆளும் பண்டியும் ஒரே வசனத்தில நிக்குது, அதோட முடிஞ்சுது.

கதையில சங்கமே வராது. ஆனா தோட்டம் பொதுக்காசு, மயிலும் முயலும் அங்கத்தவர், பண்டி பொருளாளர், யானை வெளியாள் மேல உள்ள பயம் எண்டு பாத்திரம் பாத்திரமாப் பொருத்தலாம், பொருத்தாமல் வாசிச்சாலும் கதை தனிய நிக்கும். அதுதான் உருவகக் கதை.

ஒரு நீதி மட்டும் கிடைச்சு, பாத்திரங்கள் தனித்தனியாப் பொருந்தாட்டி அது வெறும் நீதிக்கதை. அதுக்காக மயில்ர தோகைக்கும் அர்த்தம் தேடி எழுதாதேங்கோ, கதையை நகர்த்துறதை மட்டும் பொருத்தினாக் காணும்.