மனநிலைப் பரிசோதனைக்கு எம்சிக்யூ எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உள்தேர்வு நெருங்கினால் ஜூனியர்கள் எழுதிய கேள்விகள் என் மேசைக்கு வந்துவிடும். எழுத்துப்பிழை, ‘மேற்கண்ட அனைத்தும்’ என்ற ஆப்ஷன், மற்றவற்றைவிட மூன்று மடங்கு நீளமான சரியான விடை போன்றவற்றை யார் வேண்டுமானாலும் திருத்திவிடலாம். நான் சொல்ல வருவது, பார்த்தால் நல்ல கேள்வியாகத் தெரிந்து, ரிசல்ட் வந்த பிறகு சண்டை இழுக்கும் தவறுகளை.

## இரண்டு வெவ்வேறு கேள்விகளின் விடைகளை ஒரே வரிசையில் வைப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். போன முறை வந்த ஒரு கேள்வி ஏறக்குறைய இப்படி இருந்தது:

29 வயது ஆண். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது 29சி பேருந்து வருவதைப் பார்த்தார். பார்த்ததுமே, தன்னைக் கொல்ல முடிவெடுத்துவிட்டார்கள் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. இது என்ன?

அ) டெல்யூஷனல் பெர்செப்ஷன்
ஆ) டெல்யூஷன் ஆஃப் ரெஃபரன்ஸ்
இ) பெர்செக்யூட்டரி டெல்யூஷன்
ஈ) விஷுவல் ஹாலுசினேஷன்

எழுதியவர் ‘அ’ என்று கீ கொடுத்திருந்தார். அது சரி. ஆனால் பேருந்து வந்ததே தன்னைக் குறித்துத்தான் என்று அவர் நம்புகிறார், ஆகவே ‘ஆ’வும் சரி. கொல்லப் பார்க்கிறார்கள் என்பது துன்புறுத்தல் பற்றிய நம்பிக்கை, ஆகவே ‘இ’யும் சரி. நான்கில் மூன்று சரியான விடைகள்!

கேட்டதற்கு, “சிங்கிள் பெஸ்ட் ஆன்சர்தானே மேடம் கேட்டிருக்கேன்? அதுல பெஸ்ட் ‘அ’தான்” என்றார். இந்தச் சமாதானத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்க முடிந்தால்தான் ஒன்று மற்றொன்றைவிடச் சிறந்தது என்று சொல்லலாம். டெல்யூஷனல் பெர்செப்ஷன் என்பது அந்த நம்பிக்கை எப்படி எழுந்தது என்பதற்கான விடை. ரெஃபரன்ஸ், பெர்செக்யூஷன் இரண்டும் அந்த நம்பிக்கை எதைப் பற்றியது என்பதற்கான விடை. வார்டில் கேஸ் எழுதும்போது இரண்டையும்தான் எழுதுகிறோம், ஒன்றை விட்டு மற்றொன்றை அல்ல. அப்படியிருக்க, தேர்வில் மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் மாணவர் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பார்?

நீட் பிஜி பாணியில் சரிக்கு 4, தவறுக்கு மைனஸ் 1 என்று வைத்தால், ‘ஆ’ என்று நியாயமாகவே குறித்த மாணவருக்கும் ‘அ’ குறித்தவருக்கும் இடையே 5 மதிப்பெண் வித்தியாசம். அவர் புத்தகத்தோடு வந்து நிற்பார். நம்மிடம் பதில் இருக்காது. கடைசியில் எல்லோருக்கும் 4 கொடுத்துவிட்டுக் கேள்வியைத் தூக்கி எறிவோம். இதில் எரிச்சல் என்னவென்றால், நன்றாகப் படித்தவர்தான் மூன்றையும் பார்த்துக் குழம்புகிறார். மேலோட்டமாகப் படித்தவர் ‘பார்த்ததுமே’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ‘அ’வைக் குறித்துவிட்டுப் போகிறார்.

சரி, எப்படி மாற்றுவது? முதலில் கடைசி வரி. ‘இது என்ன?’ என்பது கேள்வியே இல்லை. ‘இந்த நம்பிக்கை எழுந்த விதத்தை எந்தச் சொல் குறிக்கிறது?’ என்று கேட்க வேண்டும். அடுத்து, நான்கு ஆப்ஷன்களும் அந்த ஒரு கேள்விக்கே விடையாகக்கூடியவையாக இருக்க வேண்டும்: டெல்யூஷனல் பெர்செப்ஷன், இல்யூஷன், டெல்யூஷனல் மூட், ஆட்டோக்தனஸ் டெல்யூஷன்.

பிறகு, ஒவ்வொரு டிஸ்ட்ராக்டரையும் அடிக்கும் ஒரு வரி கதைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்யூஷனில் இருக்கும் பொருளே வேறாகத் தெரியும். ஆகவே, ‘பேருந்தின் எண், நிறம், அதில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் எல்லாவற்றையும் சரியாகச் சொல்கிறார்’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். டெல்யூஷனல் மூடில் ஏதோ நடக்கப்போகிறது என்ற இனம்புரியாத கலக்கம் இருக்கும், ஆனால் அது என்னவென்று தெளியாது. இங்கே தெளிந்துவிட்டது, ‘அதில் தனக்குத் துளியும் சந்தேகம் இல்லை என்கிறார்’ என்ற வரி அதை அடிக்கும். ஆட்டோக்தனஸ் டெல்யூஷன் பார்த்தது, கேட்டது எதையும் பற்றிக்கொள்ளாமல் திடீரென்று உள்ளே முளைப்பது. ‘அந்தப் பேருந்தைப் பார்க்கும்வரை இப்படித் தோன்றியதே இல்லை, அது வந்ததால்தான் தெரிந்தது’ என்று நோயாளி வாயாலேயே சொல்ல வைத்தால் அதுவும் விழும்.

இப்படி எழுதினால் ஒரு வரவும் உண்டு. பேருந்து வரிகளை எடுத்துவிட்டு, பல் துலக்கும்போது திடீரென்று தெரிந்தது என்று மாற்றுங்கள், விடை ஆட்டோக்தனஸ் ஆகிவிடும். பேருந்து சவ ஊர்தியாகத் தெரிந்தது, கிட்டே வந்ததும் பேருந்துதான் என்று புரிந்தது என மாற்றி, அந்த அனுபவத்தைப் பற்றிக் கேட்டால் இல்யூஷன். ஒரு வரியை மாற்றியும் விடை மாறாத டிஸ்ட்ராக்டர் இடத்தை நிரப்பத்தான் வந்திருக்கிறது.

## கதையின் முதல் வரியிலேயே ‘சிசோஃப்ரினியா நோயாளி’ என்று எழுதுவது

பாதி விடையைக் கொடுத்துவிட்டீர்கள்.

## எலுமிச்சம்பழம்

உள்ளூர் வாசனை வேண்டும் என்று ஆசைப்பட்டு ஒருவர் எழுதினார்: வாசலில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழத்தைப் பார்த்த பெண், யாரோ தனக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று உறுதியாக நம்புகிறார். கீயில் டெல்யூஷனல் பெர்செப்ஷன். அவர் தெருவில் பத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டிருந்தால் ஐந்து வீட்டிலாவது அதையே சொல்லியிருப்பார்கள். சொந்தச் சமூகம் பகிர்ந்துகொள்ளும் நம்பிக்கையை டெல்யூஷன் என்று எழுதக் கூடாது என்பது முதல் வகுப்பிலேயே நாம் நடத்துவது. டெல்யூஷனல் பெர்செப்ஷனுக்கு, பார்த்த பொருளுக்கும் ஏற்றிய அர்த்தத்துக்கும் ஊரறிந்த தொடர்பு எதுவும் இருக்கக் கூடாது. 29சி பேருந்து அதற்கு எவ்வளவோ மேல். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் வண்டிக்கு யாரும் அர்த்தம் வைத்திருக்கவில்லை.

எலுமிச்சையை விட மனமில்லை என்றால் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். ‘இதை டெல்யூஷன் என்று முடிவுகட்டுமுன் எந்தத் தகவல் தேவை?’ என்று கேட்டால், வீட்டாரும் அக்கம்பக்கமும் அப்படியே நம்புகிறார்களா என்பது விடையாகும். அது அருமையான கேள்வி.

## பேச்சை நடுவில் வெட்டுவது

சர்க்கம்ஸ்டான்ஷியாலிட்டியா டாஞ்ஜென்ஷியாலிட்டியா என்று கேட்கும்போது நோயாளியின் பதிலைக் கடைசி வாக்கியம்வரை கொடுங்கள். சுற்றி வளைத்துக் கடைசியில் விடைக்கு வந்தாரா இல்லையா என்பதுதான் வித்தியாசமே. மூன்று புள்ளி வைத்து நிறுத்தினால் யாராலும் சொல்ல முடியாது.

## நோயாளியின் சொந்த வார்த்தை இல்லாமல் மூட் பற்றிக் கேட்பது

கேட்காதீர்கள்.

## ‘மற்றவை தவறு’ என்று விளக்கத்தை முடிப்பது

வருகிற விளக்கங்களில் பெரும்பாலானவை சரியான விடையின் வரையறையைப் புத்தகத்திலிருந்து நகலெடுத்தவை. ‘அ’வைக் குறித்தவருக்கு அது முன்பே தெரியும். விளக்கம் தேவைப்படுவது இல்யூஷன் என்று குறித்தவருக்கு. அவரிடம், ‘பேருந்தை அவர் பேருந்தாகவே பார்த்தார்; எண்ணும் நிறமும் சரியாகச் சொன்னார்; பார்வையில் கோளாறில்லை, அர்த்தத்தில்தான் கோளாறு’ என்று கதையின் வரியைக் காட்டிச் சொல்ல வேண்டும். டெல்யூஷனல் மூட் குறித்தவருக்கு, ‘துளியும் சந்தேகம் இல்லை’ என்ற வரியைக் காட்டி, கலக்கம் முடிந்து அர்த்தம் உறைந்துவிட்டது என்று சொல்ல வேண்டும்.

டிஸ்ட்ராக்டரை அடிக்கும் வரிகளை முன்பே குறித்து வைத்திருந்தால் இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. எழுத உட்கார்ந்தபின் காட்டுவதற்கு ஒரு வரியும் கிடைக்கவில்லை என்றால் விளக்கத்தை விட்டுவிட்டுக் கதைக்குத் திரும்புங்கள். அந்த ஆப்ஷனும் சரியான விடையாகத்தான் இருக்கும்.