சிப் மாற்றியும் உயிர் வராத லேப்டாப்: பூட் கார்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர், பிராசசர் ஷார்ட் ஆன ஒரு லேப்டாப் போர்டில் வேறொரு பிராண்டின் பழைய போர்டிலிருந்து கழற்றிய ஐ5-10210யூ சிப்பைப் பொருத்திவிட்டு, “அண்ணே, வோல்டேஜ் எல்லாம் வருது, டிஸ்ப்ளே மட்டும் வரல” என்று வந்து நின்றார். ரீபாலிங் கச்சிதமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் போர்டு ஓடாது என்பது, சிப் எங்கிருந்து வந்தது என்று கேட்டவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் இதே தவறை இதே வரிசையில் நானும் செய்திருக்கிறேன்.

எழுதுவதற்கு முன் பழைய பயாஸைப் படித்துச் சேமித்துக்கொள்ள வேண்டும், 1.8 வோல்ட் சிப்பை 3.3 வோல்ட்டில் படிக்கக் கூடாது என்பவற்றையெல்லாம் யாரும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

## வேறு பிராண்டு போர்டின் பிராசசரைப் பொருத்துவது

இன்டெல் 2013-ல் நான்காம் தலைமுறை பிராசசர்களோடு பூட் கார்டு என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு, மின்சாரம் வந்ததும் பிராசசர் பயாஸ் சிப்பில் இருந்த முதல் கட்டளையை எந்தக் கேள்வியும் கேட்காமல் ஓட்டியது. பூட் கார்டு இயக்கப்பட்ட இயந்திரத்தில் அப்படி நடப்பதில்லை. இன்டெல் கையொப்பமிட்ட ஒரு சிறிய நிரல் முதலில் பிராசசரின் கேஷுக்குள் ஏற்றப்பட்டு ஓடுகிறது. அது பயாஸ் சிப்பிலிருந்து ‘கீ மேனிஃபெஸ்ட்’ என்ற சிறு பதிவை எடுத்து, அதிலுள்ள லேப்டாப் தயாரிப்பாளரின் பொதுச் சாவிக்கு ஹேஷ் என்னும் கைரேகை போன்ற சுருக்க எண்ணைக் கணக்கிட்டு, சிலிக்கானில் ஃபியூஸாக எரிக்கப்பட்டிருக்கும் ஹேஷோடு ஒப்பிடுகிறது. அது பொருந்தினால், அந்தச் சாவி உறுதிசெய்யும் இரண்டாவது பதிவான ‘பூட் பாலிசி மேனிஃபெஸ்ட்’ சரிபார்க்கப்படுகிறது. பயாஸின் தொடக்கப் பகுதிக்கான ஹேஷ் அதற்குள் இருக்கிறது. இவை அனைத்தும் பொருந்திய பிறகுதான் பயாஸின் முதல் வரி ஓடும்.

தம்பியும் நானும் கோட்டைவிட்ட இடம், அந்த ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்பதுதான். அது சிப்செட்டுக்குள், அதாவது பி.சி.எச்.சுக்குள் இருக்கிறது. டெஸ்க்டாப்பில் பி.சி.எச். மதர்போர்டிலேயே தனிச் சிப்பாக இருப்பதால், பிராசசரைக் கழற்றி வேறு போர்டில் செருகினாலும் பூட்டு பழைய போர்டிலேயே தங்கிவிடுகிறது. ‘யூ’ வகை லேப்டாப் பிராசசர்களிலோ, உற்றுப் பார்த்தால், ஒரே பச்சைத் தகட்டின் மேல் பெரியதும் சிறியதுமாக இரண்டு பளபளப்பான சில்லுகள் இருக்கும். அவற்றில் ஒன்றுதான் பி.சி.எச். ஆகவே பிராசசர் என்று நினைத்து நாம் பெயர்த்தெடுக்கும் பொருளோடு, முதல் தயாரிப்பாளரின் ஃபியூஸும் சேர்ந்தே வருகிறது. புதிய போர்டின் பயாஸில் இருப்பது இரண்டாம் தயாரிப்பாளரின் சாவி. இரண்டும் பொருந்துவதற்கு வழியில்லை.

இதில் எரிச்சலூட்டுவது என்னவென்றால், போர்டு பார்வைக்கு உயிரோடுதான் இருக்கும். பவர் பட்டனை அழுத்தினால் எல்லா வோல்டேஜும் வரிசைப்படி ஏறும், ஆசிலோஸ்கோப்பை பயாஸ் சிப்பின் காலில் வைத்தால் சிறிது நேரம் படிக்கும் துடிப்பு தெரியும், பிறகு அது நின்று போர்டு அணைந்துவிடும் அல்லது மீண்டும் மீண்டும் தொடங்கிக்கொண்டே இருக்கும். திரையில் பிழைச் செய்தி எதுவும் வராது, ஏனென்றால் செய்தி காட்டக்கூடிய நிரல் ஓடத் தொடங்குவதற்கு முன்பே கதவு மூடப்பட்டுவிடுகிறது. முதன்முறை இப்படி நடந்தபோது நான் ரீபாலிங்கைச் சந்தேகித்து சிப்பை மறுபடி எடுத்துப் பொருத்தினேன், பயாஸ் சிப்பை மாற்றினேன், இணையத்தில் கிடைத்த மூன்று வெவ்வேறு பயாஸ் கோப்புகளை எழுதிப் பார்த்தேன், கடைசியில் இ.சி. சிப்பையும் மாற்றினேன். இரண்டு நாள் வேலையும் ஒரு நல்ல போர்டின் நான்கு வெப்பச் சுற்றுகளும் வீணாயின. அந்த மூன்று கோப்புகளுமே அந்தப் போர்டின் தயாரிப்பாளர் கையொப்பமிட்டவை என்பதால், எதை எழுதியிருந்தாலும் விடை ஒன்றாகவே இருந்திருக்கும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

சிப்பைப் பொருத்துவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. சிப்பைத் தானம் செய்யும் போர்டின் பயாஸையும், பெறும் போர்டின் பயாஸையும் புரோகிராமரில் படித்து, இரண்டு கோப்புகளையும் UEFITool-இன் புதிய பதிப்பில் திறக்க வேண்டும். பூட் கார்டு இருந்தால் கீ மேனிஃபெஸ்ட்டையும், அதன் பொதுச் சாவியின் ஹேஷையும் அது எடுத்துக் காட்டும். இரண்டு கோப்புகளிலும் அந்த ஹேஷும், கூடவே இருக்கும் கீ மேனிஃபெஸ்ட் எண்ணும் ஒன்றாக இருந்தால் சிப்பை நம்பிப் பொருத்தலாம்; முதல் சில எழுத்துகளிலேயே வேறுபட்டால் ஹாட் ஏர் ஸ்டேஷனை இயக்க வேண்டியதே இல்லை. ஒரே பிராண்டு என்பது மட்டும் போதாது, ஏனெனில் ஒரே தயாரிப்பாளர் வெவ்வேறு மாடல் வரிசைகளுக்கு வெவ்வேறு சாவிகளை வைத்திருக்கக்கூடும். தம்பியின் போர்டுக்கு நாங்கள் இப்படித்தான் பார்த்தோம். முதல் சிப்பின் ஹேஷுக்கும் போர்டின் ஹேஷுக்கும் எந்த ஒற்றுமையும் இல்லை. அதே மாடலில் தண்ணீர் பட்டுக் கெட்ட இன்னொரு போர்டின் ஹேஷ் எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. அதன் சிப்பைப் பொருத்தி, பயாஸ் சிப்பில் இன்டெலின் மேனேஜ்மென்ட் எஞ்சினுக்கான நிரல் இருக்கும் எம்.இ. பகுதியைச் சுத்தமான நிலைக்குக் கொண்டுவந்து எழுதியதும் போர்டு ஓடியது.

தானம் செய்யும் போர்டின் பயாஸ் கிடைக்காமல், உதிரியாக விற்கப்படும் சிப் மட்டும் கையில் இருந்தால், அதன் ஃபியூஸை வெளியிலிருந்து படித்துப் பார்க்க நம்மிடம் வழியில்லை. ஃபியூஸ் எரிக்கப்படாத புதிய சிப்தான் வேண்டும் என்று கடைக்காரரிடம் தெளிவாகச் சொல்லி வாங்க வேண்டும். ‘புதுசு’ என்று தருவது பெரும்பாலும் கழற்றி ரீபால் செய்ததாகவே இருக்கிறது என்பது என் அனுபவம். உண்மையிலேயே எரிக்கப்படாத சிப் கிடைத்தால் அதிலும் ஓர் ஆபத்து உண்டு. உற்பத்தி நிலை மூடப்படும்போது, எம்.இ. பகுதியில் எந்த ஹேஷ் அமைக்கப்பட்டிருக்கிறதோ அதுவே சிலிக்கானில் நிரந்தரமாக எரிக்கப்படுகிறது. வேறு மாடலின் எம்.இ. பகுதியை அவசரத்தில் ஒட்டி எழுதினால், கன்னி சிப்பும் அந்நியச் சாவியோடு பூட்டிக்கொள்ளும். எரித்ததைத் திரும்பப் பெற இன்டெல்லாலும் முடியாது, லேப்டாப் தயாரிப்பாளராலும் முடியாது.

## ‘மாற்றிய பயாஸ் ஓடியது, ஆகவே பூட்டு இல்லை’

இந்த முடிவு தவறானது என்பதை விளக்கச் சற்று இடம் தேவை. பூட் கார்டு நேரடியாகச் சரிபார்ப்பது பயாஸின் தொடக்கப் பகுதியை மட்டுமே. பாஸ்வேர்டும் சீரியல் எண்ணும் இருக்கும் அமைப்புப் பகுதி அதற்கு வெளியே இருப்பதால், அவற்றை மாற்றி எழுதினால் இயந்திரம் வழக்கம்போல் ஓடும். லோகோவும் பிற்பாடு ஓடும் நிரல்களும் தயாரிப்பாளரைப் பொறுத்தவை: சிலர் தொடக்கப் பகுதிக்குள் தங்களுடைய ஹேஷ் பட்டியலை வைத்து அடுத்த பகுதிகளையும் சரிபார்க்கிறார்கள், சிலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். பாஸ்வேர்டை நீக்கி வெற்றி கண்ட துணிச்சலில், நினைவகத் தொடக்க நிரலில் ஒரு பைட்டை மாற்றிவிட்டுப் போர்டு இறந்துவிட்டதாகக் கொண்டுவருபவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மாற்றாத பழைய கோப்பை எழுதினால் அது எழுந்துவிடும். UEFITool பாதுகாக்கப்பட்ட பகுதிகளை நிறமிட்டுக் காட்டுகிறது. நிறமிட்ட இடத்தைத் தொடக் கூடாது.

ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் என்றால் ஊகமே தேவையில்லை. லினக்ஸில் msr-tools தொகுப்பை நிறுவியிருந்தால் இரண்டு வரிகள் போதும்:

```
sudo modprobe msr
sudo rdmsr -f 6:6 0x13a
```

விடை 1 என்றால் அந்த இயந்திரம் சரிபார்த்த பிறகே தொடங்கியது. 0 என்றால் இல்லை. கோர்பூட் என்ற திறந்த மூல பயாஸைப் போடும் ஆசையில் பழைய லேப்டாப் வாங்கச் செல்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் பென் டிரைவிலிருந்து லினக்ஸைத் தொடங்கி இதைப் பார்த்துவிடுவது நல்லது.

## செக்யூர் பூட்டை அணைப்பது

செக்யூர் பூட்டை அணைத்தால் பூட் கார்டு அணைந்துவிடாது; அது வேறு, இது வேறு. செக்யூர் பூட்டின் சாவிகளை உரிமையாளர் மாற்றலாம். பூட் கார்டின் சாவியை மாற்ற முடியாது.

## கசிந்த சாவியை நம்புவது

2023-ல் எம்.எஸ்.ஐ. நிறுவனத்திலிருந்து திருடப்பட்ட கோப்புகள் வெளியானபோது, அவற்றில் சில மாடல்களுக்கான பூட் கார்டு இரகசியச் சாவிகளும் இருந்தன. இனி எந்த லேப்டாப்பின் பயாஸையும் நாமே கையொப்பமிடலாம் என்று பலர் அப்போது பேசிக்கொண்டார்கள். கசிந்த சாவி, அதன் ஹேஷ் எரிக்கப்பட்ட மாடல்களுக்கு மட்டுமே உதவும்; மற்ற போர்டுகளுக்கு அது வெறும் எண். அந்த மாடல்களை வைத்திருப்பவர்களின் நிலைதான் சங்கடமானது, ஏனென்றால் ஃபியூஸில் இருக்கும் ஹேஷை அழித்துப் புதியதை எழுத வழியில்லாததால், திருடனும் அறிந்த அதே சாவியை அவர்களின் இயந்திரம் ஆயுள் முழுவதும் நம்பிக்கொண்டிருக்கும்.

## ஒரு தலைமுறையின் ஓட்டையை எல்லாவற்றுக்கும் நீட்டுவது

திங்க்பேட் டி480-இல் பூட் கார்டைத் தாண்டி கோர்பூட் போடுகிறார்களே என்று கேட்பார்கள். அது உண்மைதான். எம்.இ. 11 தலைமுறையில் 2017-ல் வெளிப்பட்ட INTEL-SA-00086 என்ற ஓட்டையைப் பயன்படுத்தும் டீகார்டு என்ற கருவி, ஃபியூஸைத் தொடாமல், அதிலுள்ள மதிப்பைப் பிராசசருக்கு எடுத்துச் சொல்லும் எம்.இ.யைப் பொய் சொல்ல வைக்கிறது. அதற்காக அந்த ஓட்டை உள்ள பழைய எம்.இ. பதிப்பையே வேண்டுமென்று எழுத வேண்டும். சொந்த இயந்திரத்தில் தெரிந்தே செய்பவர்களை நான் தடுப்பதில்லை, ஆனால் வாடிக்கையாளரின் லேப்டாப்பில் செய்ய மாட்டேன். பத்தாம் தலைமுறையான தம்பியின் போர்டுக்கு இது பொருந்தவும் செய்யாது.

## ஏ.எம்.டி. பக்கம்

அங்கே ஃபியூஸ் பிராசசருக்குள்ளேயே இருக்கிறது, ஆகவே சாக்கெட்டில் செருகும் சிப்புக்கும் இந்தத் தொல்லை வருகிறது. பழைய எபிக் சர்வர் பிராசசர் ஒன்று குறைந்த விலைக்கு வந்தால், எந்த நிறுவனத்தின் சர்வரிலிருந்து கழற்றினீர்கள் என்று கேளுங்கள். பூட்டும் வசதியை இயக்கிய நிறுவனத்தின் போர்டில் அது ஒருமுறை தொடங்கியிருந்தால், அந்நிறுவனம் கையொப்பமிட்ட பயாஸ் உள்ள போர்டில் மட்டுமே இனி ஓடும். வேறு போர்டில் ஓட்டிக் காட்டிய பிறகே பணம் என்று சொல்லிப் பாருங்கள். பூட்டிய சிப்பை விற்பவர் அதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார்.