பேட்டரி சார்ஜ் ஏறலையா? ரெகுலேட்டர் வாங்கும் முன் கப்ளரைப் பாருங்கள்

குளச்சலில் மச்சானின் பைக், புது பேட்டரி போட்டும் இரண்டு நாளில் செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரியை வெளியே சார்ஜ் செய்து மாட்டிவிட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்தோம். வண்டி நிற்கும்போது 12.6. ஸ்டார்ட் செய்து முறுக்கினால் 14 பக்கம் ஏற வேண்டும், மாறாக 12.3-க்கு இறங்கியது. அப்படியானால் சார்ஜ் வரவே இல்லை.

ஆஃப் செய்து, எஞ்சினுக்குள் கரண்ட் உண்டாக்கும் ஸ்டேட்டரிலிருந்து, அதை பேட்டரிக்கு ஏற்ற டிசியாக மாற்றும் ரெகுலேட்டருக்குப் போகும் மூன்று மஞ்சள் ஒயர்களின் கப்ளரைக் கழற்றினோம். முதலில் ஒவ்வொரு மஞ்சள் ஒயருக்கும் எஞ்சின் பாடிக்கும் இடையே கன்டினியூட்டி பார்த்தோம். பீப் வந்தால் காயில் எர்த் ஆகிவிட்டது, ஸ்டேட்டர் போச்சு. வரவில்லை. அப்புறம் மீட்டரை ஏசிக்கு மாற்றி, வண்டியை ஓடவிட்டு, இரண்டிரண்டு ஒயராக அளந்தோம். சுமார் 5000 ஆர்பிஎம்மில் 58, 57, 58. அளவு வண்டிக்கு வண்டி மாறும். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். இந்த நேரத்தில் முனைகளைக் கையால் தொடாதீர்கள், ஷாக் அடிக்கும்.

ஸ்டேட்டர் நல்லது, அதனால் ரெகுலேட்டர்தான் என்று மச்சான் கடைக்குக் கிளம்பினார். பொறுங்கள் என்று, ரெகுலேட்டரின் வெளிவரும் பக்கக் கப்ளரையும் கழற்றினேன். உப்புக்காற்றில் பிளஸ் பின் பச்சை பூத்திருந்தது. அதைச் சுரண்டி, கான்டாக்ட் கிளீனர் அடித்து மாட்டியதும் 14.2 வந்தது. சுத்தம் செய்தும் ஏறாவிட்டால், அல்லது 15-ஐத் தாண்டினால், ரெகுலேட்டரை மாற்றுங்கள்.