முப்படி ஸ்ப்லைன்: முனை நிபந்தனையில் நேரும் தவறுகள்

நான்கு புள்ளிகள் வழியே முப்படி ஸ்ப்லைன் வரையும்போது, ஒவ்வோர் இடைவெளிக்கும் ஒரு முப்படிக் கோவை என மூன்று துண்டுகளுக்குப் பன்னிரண்டு கெழுக்கள் தேவைப்படுகின்றன. ஆனால் புள்ளிகளைத் தொடுவதும், உட்புள்ளிகளில் முதல், இரண்டாம் வகைக்கெழுக்கள் ஒத்துப்போவதும் சேர்ந்து பத்துச் சமன்பாடுகளையே தருகின்றன. மீதமுள்ள இரண்டை முனைகளில் நாமே கொடுக்க வேண்டும். தவறுகளில் பெரும்பாலானவை இங்குதான் தொடங்குகின்றன.

முதல் தவறு, 'இயற்கை' நிபந்தனையை அதன் பெயரை நம்பியே எடுத்துக்கொள்வது. அது இரு முனைகளிலும் இரண்டாம் வகைக்கெழுவைச் சுழியமாக்குகிறது. y = x² என்ற வளைவிலிருந்து x = 0, 1, 2, 3 ஆகிய இடங்களில் 0, 1, 4, 9 என்ற மதிப்புகளை எடுத்துக்கொள்வோம். உண்மையான இரண்டாம் வகைக்கெழு எங்கும் 2. இயற்கை ஸ்ப்லைனோ முனைகளில் 0 என்றும் இரு உட்புள்ளிகளிலும் 2.4 என்றும் தருகிறது. விளைவாக x = 0.5 இல் 0.25 வர வேண்டிய இடத்தில் 0.35 வருகிறது; நடுவில், x = 1.5 இல், 2.25க்குப் பதில் 2.2 வருகிறது. புள்ளிகள் சம இடைவெளியில் இருந்தால், முனையில் புகுந்த பிழை உள்ளே ஒவ்வொரு இடைவெளிக்கும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறுகி, குறி மாறிக்கொண்டே செல்லும். ஆகவே புள்ளிகள் நிறைய இருந்தால் நடுப்பகுதி தப்பிவிடும், முனைகள் தப்பா. இரு முனைகளிலும் எளிதாகத் தாங்கப்பட்ட உத்தரத்தைப் போல, முனையில் இரண்டாம் வகைக்கெழு உண்மையிலேயே சுழியமாக இருக்கும்போது மட்டுமே இந்த நிபந்தனை பொருத்தமானது.

முனைச் சாய்வு தெரிந்திருந்தால் அதைக் கொடுப்பதே நல்லது. இங்கும் ஒரு பொறி உண்டு: பைத்தானின் SciPy நூலகத்தில் `bc_type='clamped'` என்று எழுதினால், அது இரு முனைச் சாய்வுகளையும் சுழியம் என்றே எடுத்துக்கொள்கிறது. நம் வளைவின் சாய்வு x = 3 இல் 6 ஆதலால், இந்தத் தேர்வில் x = 2.5 இல் 6.25க்குப் பதில் 7.2 கிடைக்கிறது, இது இயற்கை நிபந்தனையைவிடவும் மோசம். சாய்வுகளை வெளிப்படையாக எழுத வேண்டும்:

```python
CubicSpline(x, y, bc_type=((1, 0.0), (1, 6.0)))
```

இப்போது x² அப்படியே மீள்கிறது.

முனையைப் பற்றி எதுவும் தெரியாதபோது `'not-a-knot'` என்பதே என் தேர்வு. SciPy இன் இயல்புநிலையும் அதுவே. முனையை அடுத்த உட்புள்ளியில் மூன்றாம் வகைக்கெழுவும் தொடர வேண்டும் என்பதே அதன் பொருள். மேற்கண்ட நான்கு புள்ளிகளுக்கும் அதுவும் x² ஐயே தருகிறது. ஆனால் முனை அளவீட்டில் இரைச்சல் இருந்தால் அந்த இரைச்சலே முனையின் வளைவைத் தீர்மானித்துவிடும் என்பதை மறக்கக் கூடாது.

எந்த நிபந்தனையைத் தேர்ந்தாலும், வேறொரு நிபந்தனையுடன் மீண்டும் கணக்கிட்டு இரண்டின் வேறுபாட்டை வரைந்து பாருங்கள். அது பெரிதாக உள்ள பகுதியில் வளைவின் வடிவத்தைத் தரவைவிட உங்கள் தேர்வே தீர்மானிக்கிறது. அங்கிருந்து சாய்வையோ இரண்டாம் வகைக்கெழுவையோ படித்தெடுப்பதும், முனைக்கு வெளியே வளைவை நீட்டுவதும் கூடாது.