கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொல்ல ஒரு கடிதம்

கனடாவுக்கு வந்து ஐந்து மாதம் வேலை தேடி அலுத்துப்போன நேரத்தில், ஒரே வாரத்தில் எனக்கு இரண்டு வேலை வந்தது. செவ்வாய்க்கிழமை ஒரு ஏஜென்சி மூலம் மிஸ்ஸிஸாகாவில் ஆறு மாத கான்ட்ராக்ட். வியாழக்கிழமை மார்க்கத்தில் நிரந்தர வேலை. நான் இருந்தது ஸ்கார்பரோவில், மார்க்கம் பக்கம், மிஸ்ஸிஸாகா தூரம், கையில் கார் இல்லை. எதை எடுப்பது என்பதில் குழப்பமே இல்லை. மற்றதை எப்படி மறுப்பது என்றுதான் தெரியவில்லை. ஏஜென்சி பெண் மூன்று முறை கூப்பிட்டார், நான் போனை எடுக்கவே இல்லை. "எடுத்தால் என்ன சொல்வது?" என்ற கூச்சம்தான் காரணம். அடுத்த வருடம் அதே பெண் எனக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு வேலையை விளம்பரம் செய்திருந்தார். விண்ணப்பித்தேன். பதிலே வரவில்லை. வருமென்று எதிர்பார்க்க எனக்கும் முகம் இல்லை.

இப்போது வருகிறவர்களுக்கு நான் சொல்வது, மறுப்புக் கடிதம் எழுதுவது பத்து நிமிட வேலை, ஆனால் அதை எழுதும் நேரத்தில் தவறக் கூடாது. வேண்டாம் என்று சொல்லும் முன், எடுக்கப்போகிற வேலை உண்மையிலேயே உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே ஆஃபர் லெட்டர் பெரும்பாலும் நிபந்தனையோடு வரும்: ரெஃபரன்ஸ் விசாரிப்பார்கள், சில இடங்களில் போலீஸ் ரெக்கார்டும் கேட்பார்கள். "வேலை உங்களுக்குத்தான்" என்று போனில் சொன்னதை நம்பி இன்னொன்றைக் கைவிட்டு, இரண்டும் இல்லாமல் நின்றவர்களை எனக்குத் தெரியும். எழுத்தில் வரட்டும், இரண்டு பக்கமும் கையெழுத்து ஆகட்டும், நிபந்தனைகள் முடியட்டும். அதற்குள் முதல் இடத்தின் கெடு வந்துவிட்டால், இன்னும் இரண்டு நாள் தர முடியுமா என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது இங்கே சகஜம்.

கையில் உறுதியானதும் அன்றைக்கே மறுத்துவிடுங்கள். பல இடங்களில் உங்களுக்கு அடுத்த ஆளிடம் இன்னும் "இல்லை" என்று சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் திங்கட்கிழமை சொன்னால் அவரையாவது பிடித்துவிடலாம், அடுத்த வாரம் சொன்னால் அவரும் வேறெங்காவது போயிருப்பார். நம் மேல் வருகிற கோபம் பெரும்பாலும் இந்தத் தாமதத்தினால்தான்.

அப்புறம், யாருக்கு எழுதுவது? நிறுவனம் நேரடியாக ஆஃபர் கொடுத்திருந்தால், அதை அனுப்பியவருக்கே அதே மின்னஞ்சலில் பதில் போடுங்கள். ஏஜென்சி வழியாக வந்தது என்றால் முதலில் ரெக்ரூட்டருக்குத்தான் சொல்ல வேண்டும், அதுவும் போனில். அதன்பின் எழுத்தில். அவரைத் தாண்டி மேலாளருக்கு எழுதினால், அவருடைய வாடிக்கையாளர் முன்னால் அவர் தலைகுனிய வேண்டிவரும். நீங்கள் வேலையில் சேர்ந்தால்தான் பெரும்பாலான ஏஜென்சிகளுக்குப் பணம். அந்த ஏமாற்றத்தை அவர் உங்கள் வாயால் கேட்கட்டும். அடுத்த வேலைக்கு உங்களைக் கூப்பிடப்போவதும் அவர்தான்.

கடிதத்தில் நம் ஆட்கள் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. நேராக "இல்லை" என்று சொல்ல நமக்கு வராது. "பார்க்கலாம்", "இப்போதைக்குக் கொஞ்சம் கஷ்டம்" என்று இழுப்போம். ஊரில் எதிராளி புரிந்துகொள்வார். இங்கே அதைப் படிக்கிறவர், சம்பளம் கூடக் கேட்கிறார் போல என்று நினைத்து மேலே இருப்பவரிடம் பேசப் போய்விடுவார். அதற்காகச் சுருக்கென்றும் எழுத வேண்டாம். அன்றைக்கு நான் இப்படி எழுதியிருக்க வேண்டும். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதுவீர்கள், வரிசையை மட்டும் கவனியுங்கள்.

"வணக்கம். அக்கவுண்ட்ஸ் பேயபிள் வேலைக்கான ஆஃபருக்கும், இரண்டு நேர்காணலுக்கும் நீங்கள் ஒதுக்கிய நேரத்துக்கும் நன்றி. யோசித்துப் பார்த்து, இந்த ஆஃபரை ஏற்க வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். வீட்டுக்குப் பக்கத்தில் நிரந்தர வேலை ஒன்றில் சேர்கிறேன். இரண்டாவது நேர்காணலில் மேலாளர், பழைய இன்வாய்ஸ்களைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும் வேலையைப் பற்றி விளக்கினார். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது, அவரிடமும் என் நன்றியைச் சொல்லுங்கள். அந்த மாதிரி வேலை டொராண்டோவின் கிழக்குப் பக்கம் எப்போது வந்தாலும் பேச ஆசைப்படுகிறேன். என் எண் மாறாது."

அவ்வளவுதான். அழைப்பது முதல் பெயரைச் சொல்லித்தான், 'ரெஸ்பெக்டெட் சார்' வேண்டாம். மறுப்பு இரண்டாவது வரியிலேயே வந்துவிடுகிறது. காரணம் ஒரே வரி, அதுவும் உண்மை. சேரும் இடத்தின் பெயரும் அங்கே தருகிற சம்பளமும் அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் பொய்க் காரணம் சொல்லாதீர்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போகிறேன் என்று எழுதிவிட்டு, அடுத்த மாதம் லிங்க்ட்இனில் புது வேலையைப் போட்டால் அவர் கண்ணில் படாமலா போகும்?

பிற்காலத்துக்குக் கதவைத் திறந்து வைப்பது அந்தக் கடைசி வரிகள்தான். "வருங்காலத்தில் வாய்ப்பு இருந்தால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள், அதை யாரும் நினைவில் வைப்பதில்லை. எந்த மாதிரி வேலை, எந்தப் பகுதி, அவர்கள் சொன்னதில் எது பிடித்தது என்று எழுதினால் ரெக்ரூட்டர் தன் குறிப்பில் சேர்த்துக்கொள்ள ஏதாவது இருக்கும். மனதில் இல்லாததை எழுதவும் வேண்டாம். இடமே பிடிக்கவில்லை என்றால் நன்றியோடு நிறுத்திவிடுங்கள்.

உடனே பதில் வரலாம்: "சம்பளம்தான் பிரச்சினையா? பேசலாமே." உண்மையிலேயே சம்பளம்தான் காரணம் என்றால் அதை மறுப்புக் கடிதத்துக்கு முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும். மறுத்தபின் பேரம் பேசினால், கடிதமே பேரத்துக்காக எழுதியது போலாகிவிடும். "பணம் காரணம் இல்லை, முடிவு செய்துவிட்டேன், கேட்டதற்கு நன்றி" என்று ஒரு வரி போதும். சில நிறுவனங்களில் ஆஃபர் இணையதளம் வழியாக வரும், அங்கே Decline என்று ஒரு பொத்தான் இருக்கும். முதலில் கடிதம், அப்புறம் பொத்தான். பொத்தானை மட்டும் அழுத்தினால் ஆளே இல்லாத மறுப்பாகப் போய்ச் சேரும். ரெஃபரன்ஸ் கொடுத்தவர்களிடமும் எங்கே சேர்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள், அவர்களும் உங்களுக்காக நேரம் செலவழித்திருக்கிறார்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட ஆஃபரிலிருந்து விலகுவது வேறு கதை. அது ஒப்பந்தம், இந்தக் கடிதம் அதற்குப் பொருந்தாது. நோட்டீஸ் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு முதலில் போன் செய்யுங்கள். வேலை இழந்து இஐ என்ற வேலையிழப்புக் காப்பீட்டுப் பணம் வாங்கிக்கொண்டிருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தகுந்த வேலையைத் தகுந்த காரணம் இல்லாமல் மறுத்தால் அந்தப் பணம் நிற்கலாம்.

மறுத்த ஒரு வாரத்துக்குள் ரெக்ரூட்டரை லிங்க்ட்இனில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறேழு மாதம் கழித்து, வேலை எதுவும் கேட்காமல் இரண்டு வரி அனுப்புங்கள்: புது இடத்தில் என்ன செய்கிறீர்கள், சிபிஏ என்ற கணக்காளர் படிப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது. மார்க்கம் வேலையிலிருந்து மாற நினைத்தபோது, வேறொரு ஏஜென்சிப் பெண்ணுக்கு இப்படி ஒரு கடிதமும் பிறகு அந்த இரண்டு வரியும் அனுப்பியிருந்தேன். முதலில் போன் செய்தது அவர்தான்.